அறுபத்தொரு மெயிலும் ஒன்றரைப் பக்கமும்

2023 ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் இரவு எட்டரை மணிக்கு அண்ணன் மகள் போன் செய்தாள். அண்ணன் காலமாகி அப்போது மூன்று வருடம். அண்ணி திருச்சியில் மகளோடு இருக்கிறார்கள்.

"சித்தப்பா, மாயவரம் வீட்டு விஷயம் எதுவரைக்கும் வந்திருக்குன்னு அம்மா கேக்கறாங்க. நீங்க எல்லாரும் மெயில்ல பேசிக்கறீங்களாமே. அதை அப்படியே எனக்கு ஃபார்வர்டு பண்ணிடுங்க. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறேன். மாமாவும் பாக்கணுங்கறாங்க."

மாமா என்றால் அண்ணியின் தம்பி. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் பார்க்கத் தெரிந்தவர்.

"அதுக்கென்னம்மா, இப்பவே அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தேன். அப்பா பேரில் இருந்த வீட்டை விற்பது பற்றி நான், மாயவரத்தில் இருக்கும் தங்கை, நியூஜெர்சியில் இருக்கும் தம்பி மூன்று பேரும் பிப்ரவரியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தோம். எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொரு மெயில். தலைப்பு என்ன தெரியுமா? `Re: Re: Fwd: Pongal photos`. தம்பி அனுப்பிய பொங்கல் படங்களுக்குப் பதில் போடும்போது தங்கை, "அண்ணே, வீட்டைப் பார்க்க ஒருத்தர் வந்தார்" என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அங்கே பிடித்தது, அதே தலைப்பில் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

கடைசி மெயிலைத் திறந்து, ஃபார்வர்டு அழுத்தி, பெண்ணின் முகவரியையும் போட்டுவிட்டேன். அனுப்பும் முன் பழக்கதோஷத்தில் கீழே இறக்கிப் பார்த்தேன். சாதாரணமாகப் படிக்கும்போது மூன்று புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் பழைய பேச்செல்லாம், ஃபார்வர்டு செய்யும்போது வாலாக நீண்டு வருகிறது. அந்த வாலில், மார்ச் மாதத்தில் தம்பி எழுதிய வரி ஒன்று இருந்தது. "அண்ணியைக் கேட்க என்ன இருக்கிறது, நாம் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள்." அவன் கெட்டவனில்லை. அவசரத்தில், அக்காவுக்கும் அண்ணனுக்கும்தானே எழுதுகிறோம் என்று எழுதியது. ஆனால் அந்த வரியைப் பெண் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தால்? உடம்பு ஒருமுறை சிலிர்த்துவிட்டது. மெயிலை அழித்தேன்.

அழித்த பிறகுதான் இன்னொன்றும் கவனித்தேன். அந்த வாலில் வேண்டாதது இருந்ததே தவிர, வேண்டியது இல்லை. தங்கை மார்ச் 7ஆம் தேதி போட்டிருந்த செலவுக் கணக்கு அதில் இல்லவே இல்லை. ஏனென்றால் அந்த மெயிலுக்குக் கீழே யாரும் பதில் போடவில்லை. தம்பி அதற்கு முந்தைய மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டான். பேச்சு அந்தக் கிளையில் போய்விட்டது. பட்டாவின் நகலை ஏப்ரலில் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தேன். பதில் போடும்போது இணைப்புகள் கூட வருவதில்லை, அதனால் அதுவும் கழன்றுபோயிருந்தது. கடைசி மெயிலை அனுப்பினால் முழுக் கதையும் போய்விடும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை பெண்ணுக்குப் போன் செய்து, "நாலு நாள் கொடும்மா, ஒழுங்கா எழுதி அனுப்பறேன்" என்றேன்.

மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் கோப்புகளோடு குடித்தனம் செய்தவன் நான். எங்கள் கோப்பில் ஒரு பக்கம் கடிதங்கள், இன்னொரு பக்கம் குறிப்புகள். கடிதப் பக்கம் 34 என்றால் 34/சி, குறிப்புப் பக்கம் 12 என்றால் 12/என். புதிதாக ஓர் அதிகாரி மாற்றலாகி வருவார். இருநூறு பக்கக் கோப்பை அவர் படிக்க மாட்டார், படிக்கவும் முடியாது. அவருக்காக ஒரு குறிப்பு எழுதவேண்டும். அதற்கு 'செல்ஃப் கன்டெய்ன்டு நோட்' என்று பெயர். நான் சேர்ந்த புதிதில் எங்கள் செக்ஷன் ஆபீசர் அதற்கு ஓர் இலக்கணம் சொன்னார். படிப்பவர் கோப்பைத் திறக்கவேண்டிய அவசியம் வரக்கூடாது. ஆனால் சந்தேகம் வந்து திறந்தால், எந்தப் பக்கம் என்று தேடவேண்டிய அவசியமும் வரக்கூடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் 34/சி, 41/சி என்று பென்சிலால் எழுதவைப்பார். ஓரத்தில் எண் போட முடியாத வாக்கியம் உன் சொந்தச் சரக்கு, அதை அடித்துவிடு என்பார்.

அதே முறையில்தான் ஆரம்பித்தேன். ஒரு பழைய நோட்டை எடுத்து, அறுபத்தொரு மெயிலையும் பிப்ரவரியிலிருந்து வரிசையாகப் படித்து, தேதி, யார், என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினேன். ஓரத்தில் ஒரு குறி. விவரம் என்றால் 'வி', முடிவு என்றால் 'மு', பதில் வராத கேள்வி என்றால் 'கே'. இரண்டரை நாள் ஆயிற்று. வீட்டில் சிரித்தாள். "ரிடையர் ஆகியும் விடலையா?"

படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு அரைகுறையாக எழுதியிருக்கிறோம் என்று. ஏப்ரல் 21, வெள்ளி இரவு தம்பி எழுதுகிறான், "நாளைக்கு புரோக்கரிடம் பேசுகிறேன்" என்று. அது எனக்கு வந்தது 22 சனிக்கிழமை காலை. அவனுடைய நாளை 22. நான் படித்த நாளை 23. அப்போது படித்தபோது பரவாயில்லை. ஜூன் மாதத்தில் அண்ணி படித்தால் 'நாளை' என்பதற்கு என்ன அர்த்தம்? 'அடுத்த வெள்ளி', 'போன வாரம் சொன்ன மாதிரி', 'அந்த ஆள்' எல்லாவற்றையும் தேதியாகவும் பெயராகவும் மாற்றினேன். 'போனில் பேசிய மாதிரி' என்று ஐந்து இடத்தில் இருந்தது. போனில் என்ன பேசினோம் என்பது எந்த மெயிலிலும் இல்லை.

இன்னொரு இடம். மே 3ஆம் தேதி நான் ஒரே மெயிலில் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். 68 லட்சத்துக்கு ஒத்துக்கொள்ளலாமா? தங்கை செலவழித்ததை முதலில் கழித்துவிட்டுப் பாகம் போடலாமா? தம்பியின் பதில், "ஓகே அண்ணே." எதற்கு ஓகே? நான் இத்தனை நாளும் இரண்டுக்கும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். போன் செய்து கேட்டேன். "விலைக்குச் சொன்னேண்ணே. செலவுக் கணக்கை நான் சரியா பாக்கவே இல்லை. எவ்வளவு அது?" என்றான். சொன்னேன். சரிதான் என்றான். "சரின்னா அதை ஒரு வரி எழுதி அனுப்புப்பா" என்றேன். எழுதினான். இப்படி ஓர் ஓகேயை மட்டும் பிடித்துக்கொண்டு எத்தனை குடும்பம் எத்தனை வருடம் பேசாமல் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது மார்ச் 9ஆம் தேதி மெயில். அதை எழுதியது நான்தான். "அண்ணியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் மறுக்க மாட்டார்கள்." நோட்டில் அதற்கு எதிரே என்ன குறி போடுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விவரமும் இல்லை, முடிவும் இல்லை. நான் அண்ணியிடம் சொல்லவே இல்லை. அன்றைக்கு யாருக்கோ காய்ச்சல், பிறகு ஒரு கல்யாணம், மறந்தே போய்விட்டேன். ஆனால் அந்த வரிக்குப் பிறகு தங்கையும் தம்பியும் அண்ணி சம்மதித்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு மேலே மேலே எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். மே மாதத்தில் "நாலு பாகமும் ஒத்துக்கொண்டாகிவிட்டது" என்று தங்கை எழுதுகிறாள். நானும் அதைப் படித்து "ஆமாம்" என்று பதில் போட்டிருக்கிறேன்! கேட்டது மூன்று பேரை, எண்ணியது நாலு. தம்பியின் மார்ச் மாத வரியைப் பார்த்து முகம் சுளித்தேனே, என்னுடையது மட்டும் என்ன வித்தியாசம்? மரியாதையாக எழுதியிருந்தேன், அவ்வளவுதான். 'கே' என்று போட்டுச் சிவப்பு மையால் சுற்றினேன்.

முதல் வரைவை எழுதினேன். நாலு பக்கம். பிப்ரவரியில் முதல் ஆள் வந்து பார்த்ததிலிருந்து, அவர் 60 லட்சம் சொன்னது, அவர் போனது, அடுத்தவர் 72 சொன்னது, அளந்து பார்த்ததில் குறைந்தது, 68க்கு வந்தது, நடுவில் தம்பி விற்கவே வேண்டாம் என்றது, பிறகு மனம் மாறியது என்று வரிசையாக எழுதியிருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. மனைவியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள்.

"கதை நல்லாத்தாங்க இருக்கு. இதுல அக்கா என்ன செய்யணும்?"

அது நாலாம் பக்கத்தில் கடைசி மூன்று வரியில் இருந்தது. அதிகாரியின் மேஜையில் வைத்திருந்தால் முதல் பக்கத்திலேயே கோடு போட்டுத் திருப்பியிருப்பார். படிக்கிறவருக்கு நடந்த வரிசை தேவையில்லை. இன்றைக்கு எங்கே நிற்கிறது, என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள், எப்போதுக்குள் என்பதுதான் முதலில் வேண்டும். மாறிப்போன விலைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். ஆனால் 72 மட்டும் இருக்கவேண்டும் என்று தோன்றியது. 72 என்று ஊரில் யாராவது அண்ணி காதில் போட்டிருப்பார்கள். 68 என்று மட்டும் எழுதினால் நாலு லட்சம் எங்கே போயிற்று என்று கேட்க மாட்டார்களா? ஆகவே மாறியதற்குக் காரணம் உள்ள மாற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

தம்பியின் அதிகாரப் பத்திரம் பற்றி மட்டும் பதினேழு மெயில். அவனால் வரமுடியாது. நியூயார்க் தூதரக அலுவலகத்தில் கையெழுத்திட்டு எனக்கு அனுப்பவேண்டும். அப்படி வெளிநாட்டில் கையெழுத்தான பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாகவேண்டும். யாரைப் பார்ப்பது, என்ன படிவம், எத்தனை சாட்சி என்று பதினேழு. அண்ணிக்கு அதில் செய்யவேண்டியது எதுவுமில்லை. ஒரே வரியாகச் சுருக்கினேன். செலவுக் கணக்கு பற்றி மொத்தமே மூன்று மெயில்தான். ஆனால் அண்ணியின் கைக்கு வரும் பணம் அதில்தான் மாறுகிறது. அதற்கு ஒரு முழுப் பத்தி கொடுத்தேன். மெயில் எண்ணிக்கையைப் பார்த்து இடம் ஒதுக்கியிருந்தால் தலைகீழாகப் போயிருக்கும்.

கடைசியில் வந்தது ஒன்றரைப் பக்கம். அண்ணியின் அனுமதியோடு, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, முக்கியமான பகுதியை இங்கே தருகிறேன்.

"அண்ணி அவர்களுக்கு, வணக்கம். மாயவரம் வீட்டை விற்பது பற்றி நாங்கள் மூவரும் பிப்ரவரியிலிருந்து பேசி வருவதன் நிலை, 14.6.2023 அன்று உள்ளபடி.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, 68 லட்ச ரூபாய்க்கு விற்க நீங்களும் மகளும் சம்மதமா? இரண்டு, தங்கை வீட்டுக்குச் செலவழித்த 3,60,000 ரூபாயை விலையிலிருந்து முதலில் கழித்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் பங்கிடச் சம்மதமா? கிரய ஒப்பந்தம் போட 30.6.2023 வரை வாங்குபவர் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பதில் தெரிந்தால் நல்லது. சம்மதம் இல்லை என்றாலும் அதைத் தெரிவியுங்கள்; ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்கிறோம்.

விலை: ஏப்ரலில் வாங்குபவர் சொன்னது 72 லட்சம். பத்திரத்தில் மனை 2,840 சதுர அடி. பட்டாவில் 2,690தான் இருக்கிறது. கிழக்குப் பக்கச் சந்து 150 சதுர அடி பட்டாவில் சேரவில்லை. அதைக் காட்டி 68 லட்சத்துக்கு இறங்கினார். (பட்டா நகல் இணைப்பு 1.)

செலவு: 2018இல் ஓட்டுக்கூரையை மாற்றியதும், அதற்குப்பின் கட்டிய வீட்டுவரியும் சேர்த்து 3,60,000 என்று தங்கை கணக்குக் கொடுத்திருக்கிறாள். (இணைப்பு 2.) கூரைக்கு ரசீது இருக்கிறது. கொத்தனார் கூலிக்கு ரசீது இல்லை, நோட்டில் எழுதியதுதான். கழித்தால் 64,40,000 மீதி, ஒரு பாகம் 16,10,000. கழிக்காவிட்டால் ஒரு பாகம் 17,00,000. உங்கள் பாகத்தில் வித்தியாசம் 90,000. அண்ணனின் பாகம் உங்களுக்கும் மகளுக்கும் சேர்ந்தது.

சம்மதம்: விலைக்கும் கழிவுக்கும் நானும் தங்கையும் தம்பியும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். உங்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்கிறேன் என்று மார்ச் 9ஆம் தேதி மற்றவர்களுக்கு எழுதியவன் நான். கேட்காமல் விட்டதும் நான்தான்.

முடிவாகாதது: சந்து நிலத்துக்குப் பட்டா திருத்தம் கேட்பதா, இப்படியே விற்பதா என்று முடிவில்லை. திருத்தம் கேட்டால் நாள் ஆகும், விலை கூடலாம். இப்படியே விற்கலாம் என்பது தங்கை, தம்பி இருவர் கருத்து.

தம்பி வரவில்லை, அவனுக்காகக் கையெழுத்திட எனக்கு அதிகாரப் பத்திரம் அனுப்புகிறான்.

என் சொந்தக் கருத்து, இதைத் தனியாகப் படியுங்கள்: வீடு பூட்டிக் கிடக்கிறது, இந்த விலைக்கு விற்கலாம் என்று நான் நினைக்கிறேன்."

இதை உடனே அனுப்பிவிடவில்லை. தங்கைக்கும் தம்பிக்கும் முதலில் அனுப்பி, "உங்கள் பெயரில் நான் எழுதியிருப்பது நீங்கள் சொன்னதுதானா?" என்று மட்டும் கேட்டேன். நல்லவேளை கேட்டேன். பட்டா விஷயத்தில் முதலில் நான், "தங்கை தாலுகா அலுவலகத்தில் திருத்த மனு கொடுப்பாள்" என்று எழுதியிருந்தேன். தங்கை போன் செய்தாள்.

"நான் எப்பண்ணே மனு கொடுக்கறேன்னேன்? தாலுகா ஆபீஸ்ல பாக்கலாம்னுதானே எழுதினேன்!"

திறந்து பார்த்தேன். பார்க்கலாம் என்றுதான் இருந்தது. நம் ஊரில் பார்க்கலாம் என்றால் பல நேரம் மாட்டேன் என்றுதான் பொருள். அதை நான் வாக்குறுதியாக மாற்றிவிட்டிருக்கிறேன். மேலே நீங்கள் படித்தது திருத்திய வாசகம்.

தம்பி ஒன்று கேட்டான். முதலில் அவன் விற்க வேண்டாம் என்று சொன்னதை எழுதாதே என்றான். அது நியாயம். அந்தக் கருத்தை அவனே விட்டுவிட்டான், அண்ணியின் முடிவுக்கு அதனால் ஆவது எதுவுமில்லை, எடுத்துவிட்டேன். தங்கையும் ஒன்று கேட்டாள். "உங்களிடம் யாரும் கேட்கவில்லைன்னு ஏண்ணே எழுத்துல கொடுக்கணும்? போன்ல பக்குவமா சொல்லிக்கலாமே. அவங்க தம்பி வேற படிப்பாரு." இதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் படிப்பார் என்பதால்தான் எழுத்தில் இருக்கவேண்டும் என்றேன். போனில் பக்குவமாகச் சொன்னது மூன்றாம் மனிதரிடம் போய்ச்சேரும்போது என்னவாக இருக்கும்? சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உங்க இஷ்டம்ணே" என்றாள். அதுவும் சம்மதம் என்று நான் எழுதிக்கொள்ளவில்லை!

ஃபார்வர்டு செய்யாமல் புதிய மெயிலாக எழுதினேன். கீழே வால் எதுவும் இல்லை. தலைப்பில் 'மாயவரம் வீடு, 14.6.2023 நிலை, 30.6.2023க்குள் பதில் வேண்டும்' என்று போட்டேன். பொங்கல் படங்களுக்கு ஒருவழியாக விடுதலை. பட்டா நகல், கணக்கு நகல் இரண்டையும் புதிதாக இணைத்து, திறந்து பார்த்து, எழுத்து தெரிகிறதா என்று சோதித்தபின் அனுப்பினேன்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் காலை அண்ணியே போன் செய்தார்கள். என்னை இன்னமும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு 71.

"தம்பி, படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். என் தம்பியும் படிச்சான். எல்லாம் புரியுது. எங்களைக் கேக்கலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதனால அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. விலைக்குச் சம்மதம். ஆனா கூரை மாத்தினப்ப உங்க அண்ணன் ஒரு லட்சம் அனுப்பினாரே, அது இந்த மூணு அறுபதுல இருக்கா, வெளியில இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் பணம் அனுப்பியதே எனக்குத் தெரியாது. அறுபத்தொரு மெயிலில் எங்கேயும் இல்லை.

"பாஸ்புக்கைத் தேடித்தான் மூணு நாள் ஆச்சு. 2018 ஆகஸ்ட்டுல உங்க தங்கச்சி வீட்டுக்காரர் கணக்குக்குப் போயிருக்கு. தெரியாம கேக்கறேன், நான் தப்பா இருந்தாலும் இருக்கலாம்."

தங்கைக்குப் போன் செய்ய எனக்குக் கை வரவில்லை. அவள் கணவர் 2021இல் தவறிவிட்டார். கூரை வேலை முழுவதும் அவர் பார்த்தது. பணத்தை மறைத்தாய் என்று கேட்பதுபோல் ஆகிவிடக் கூடாதே என்று, அண்ணி சொன்னதை மட்டும் அப்படியே சொல்லி, நோட்டைப் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. நோட்டில் செலவு மட்டும்தான் எழுதியிருக்கிறதாம், வரவுப் பக்கமே கிடையாது. கணவரின் பழைய பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தாளாம். 2018 ஆகஸ்ட்டில் ஒரு லட்சம், அண்ணன் பெயரில் வரவு இருக்கிறது.

"எனக்குச் சத்தியமா தெரியாதுண்ணே. அண்ணி என்ன நினைச்சாங்களோ."

"அண்ணி கேள்வியாத்தான் கேட்டாங்க. கோபமா கேக்கலை" என்றேன். அது உண்மையும்கூட.

அன்றிரவே செலவுப் பத்தியை மாற்றி எழுதினேன். மொத்தச் செலவு 3,60,000 என்பது அப்படியே. அதில் 2,60,000 தங்கை போட்டது, 1,00,000 அண்ணன் போட்டது. கழித்த பின் ஒரு பாகம் 16,10,000தான். அண்ணிக்கும் மகளுக்கும் 17,10,000, தங்கைக்கு 18,70,000, எனக்கும் தம்பிக்கும் தலா 16,10,000. கூட்டினால் 68 லட்சம் சரியாக வருகிறது. தலைப்பில் தேதியை 19.6.2023 என்று மாற்றி, மேலேயே, "14.6.2023 தேதியிட்டதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளவும், மாறியது செலவுப் பத்தி மட்டும்" என்று எழுதினேன். இல்லாவிட்டால் இரண்டு தாளும் வீட்டில் கிடக்கும், எது சரி என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. இந்தமுறை அண்ணன் மகள், தங்கை, தம்பி மூவருக்கும் ஒரே மெயிலாக அனுப்பினேன்.

தங்கை அதற்குள் தனியாகத் திருச்சிக்குப் போன் செய்து அண்ணியோடு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

28ஆம் தேதி ஒப்பந்தம் போட அண்ணியும் மகளும் மாயவரம் வந்தார்கள். அண்ணியின் தம்பியும் வந்திருந்தார். கையில் என் ஒன்றரைப் பக்கம், பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்தார். கணக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். "என் சொந்தக் கருத்து" என்ற பத்திக்கு மட்டும் டிக் இல்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். என்ன சார் இது என்று கேட்டேன்.

"இதுக்கு ஆதாரம் இல்லையே சார்" என்றார்.